ஒரே ஊசியில் இரண்டு நிறம்

நூலோவியத்தில் செம்பருத்தி இதழின் அடர்சிவப்பு விளிம்பை நோக்கி வெளிறும்போது, நடுவே கோடு தெரியக் கூடாது. இடைநிறத்தில் நூல் கிடைக்காவிட்டால், ஊசியிலேயே அதை உண்டாக்கலாம்.

பூத்தையல் நூலில் வழக்கமாக 6 இழைகள் இருக்கும். அடர்சிவப்பில் ஓரிழை, இளஞ்சிவப்பில் ஓரிழை என்று தனித்தனியாக உருவி, ஒன்றாகக் கோர்க்க வேண்டும். இதழின் அடியில் அடர்நிறம் இரண்டிழை, விளிம்பில் வெளிர்நிறம் இரண்டிழை, நடுவில் இந்தக் கலப்பு. நடுவரிசைத் தையல்கள் நீளமும் குட்டையுமாக ஏறி இறங்கி, அண்டைத் தையலின் முனையைப் பிளந்து நுழைந்தால்தான் நிறம் இழையும்.

தைக்கத் தைக்க இழைகள் முறுக்கிக்கொண்டு ஒரே நிறம் மேலே வரும். துணியிலிருந்து ஊசியைத் தொங்கவிட்டால் முறுக்கு அவிழும். நிறங்கள் வெகுதூரம் விலகியிருந்தால் மட்டும் எந்த உபாயமும் பலிக்காது. கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாலே புள்ளி புள்ளியாகத் தெரியும்.