தொண்ணூறா, தொள்ளாயிரமா?

வங்கிக் காசோலையைத் தமிழிலேயே எழுதலாம், அது செல்லும். ஆனால் ஒன்பது வரும் தொகையில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஒருவர் 9,900 ரூபாய்க்குக் காசோலை எழுதுகிறார். கட்டத்தில் இலக்கம் சரி. எழுத்தில் மட்டும் 'ஒன்பதாயிரத்துத் தொண்ணூறு' என்று போட்டுவிட்டார். தொண்ணூறு என்பது 90, தொள்ளாயிரம்தான் 900. அவர் எழுதியது 9,090 ரூபாய். வித்தியாசம் 810!

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவில், எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது. நடைமுறையில் வங்கி அந்த வம்புக்கே போகாது. காசோலையைத் திருப்பி அனுப்பிவிடும். அடித்துத் திருத்தவும் கூடாது, புதிதாகத்தான் எழுத வேண்டும்.

தமிழில் ஒரு வசதி உண்டு. 'ஆயிரம்' என்றால் தொகை அங்கே நின்றுவிட்டது. 'ஆயிரத்து' என்றால் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'தௌசண்ட்' இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் தமிழ் ஒப்பந்தத்துக்கு ஆங்கிலப் படி எடுக்கும்போது, தமிழ்ச் சொற்களை மட்டும் பார்த்துத் தனித்தாளில் இலக்கமாக எழுதுங்கள். ஆங்கிலத்துக்கும் அப்படியே. இரண்டு இலக்கமும் ஒன்றாக வந்தால் சரி.

லட்சத்தை ஆங்கிலத்திலும் 'லாக்' என்றே எழுதலாம். வெளிநாட்டுக்குப் போகும் தாளென்றால் 1,50,000 அங்கே 150,000. சொல்லில் 'ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தௌசண்ட்'. தொகையின் முடிவில் தமிழில் 'மட்டும்', ஆங்கிலத்தில் 'ஒன்லி'. மீதி இடத்தில் ஒரு கோடு.