வாடகை அறையில் கொசுவலை கட்டுவது எப்படி



எங்க குழு கொசுவலை தைக்கிற குழு. கரூரிலிருந்து வலைத்துணி வாங்கி, கட்டில் அளவுக்கு வெட்டி, மூலையில் நாடா வைத்துத் தைத்துக் கொடுக்கிறோம். வாங்கிட்டுப் போன பலபேர் ஒரு மாசம் கழிச்சு வந்து, "வலை நல்லாத்தான் இருக்கு அக்கா, கட்டத்தான் இடமில்லே"ன்னு சொல்றாங்க. வலை பெட்டிக்குள்ளே போயிடுது. பிள்ளைங்க வெளியே படுக்குதுங்க.

நம்ம ஊரில் மலேரியாவைப் பரப்புற கொசு சாக்கடையில் பிறக்கிறதில்லை. மூடாத கிணறு, மாடித் தொட்டி மாதிரி நல்ல தண்ணியில்தான் பிறக்குது, ராத்திரியில் கடிக்குது. டெங்குக் கொசு பகலில் கடிக்குது. அதனால் ராத்திரிக்கு மட்டுமில்லாம, பகலில் தூங்குற குழந்தைக்கும் வலை வேணும். தினமும் கட்டி அவிழ்க்கச் சிரமமாக இருந்தால் யாரும் கட்ட மாட்டாங்க.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் எங்க சகோதரி ஒருத்தங்க குடியிருக்கிற அறையை வைத்தே சொல்றேன். பத்துக்குப் பத்து அறை, காங்கிரீட் தளம், நடுவில் ஃபேன். சுவரோரம் மூன்றரை அடி அகலம், ஆறேகால் அடி நீளத்தில் ஒரு கட்டில். கைக்குழந்தையோடு அதில்தான் படுக்கணும். ஒரு ஆணி அடிச்சாலும் அட்வான்ஸில் பிடிப்பேன்னு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

முதலில் நாலு மூலை வலையைப் பார்த்தோம். சுவர்ப் பக்கத்து இரண்டு நாடாவை ஜன்னல் கம்பியிலும் பரண் ஓரத்திலும் கட்டலாம். அறைப் பக்கத்து இரண்டு மூலைக்கு அந்தரத்தில்தான் கட்டணும். எதிர்ச்சுவர் வரைக்கும் கயிறு இழுத்தால் நடக்கிறவங்க கழுத்தில் மாட்டும். எதிர்ச்சுவரில் ஆணியும் அடிக்க முடியாது.

அடுத்து, ஒரே கொக்கியில் தொங்குற குடை வலை. வீட்டு ஃபேன் இறக்கை சாதாரணமா நடுவிலிருந்து இரண்டடி நீளும். நடுவிலிருந்து சுவர் ஐந்தடி. அப்போ இறக்கை நுனிக்கும் சுவருக்கும் நடுவே மூணு அடிதான் மிச்சம். கட்டிலின் நடு சுவரிலிருந்து ஒண்ணேமுக்கால் அடியில் வருது. கொக்கியை அங்கே போட்டால் இறக்கை நுனிக்கு ஒண்ணேகால் அடிதான் இடைவெளி. காற்றில் வலை ஆடினால் இறக்கையில் மாட்டும். அதனால் வளையத்தை இறக்கையைவிட நல்லாத் தாழ்த்தி, தலைமாட்டுப் பக்கமாத் தொங்கவிடணும். ஃபேன் மாட்டியிருக்கிற கொக்கியிலேயோ கம்பியிலேயோ கயிறு கட்டவே கூடாது.

வீட்டுக்காரர் ஓட்டை போடச் சம்மதிச்சால் இப்படிச் செய்யணும். தளத்தைத் தட்டிப் பாருங்க. பொக்குன்னு சத்தம் வந்தால் அந்த இடத்துப் பூச்சு விட்டுப்போயிருக்கு, வேறே இடம் பாருங்க. ஃபேனிலிருந்து சுவிட்ச் போர்டு இருக்கிற சுவர் வரைக்கும் தளத்துக்குள்ளே ஒயர் பைப் போகும். அந்த வழியில் துளை போடக் கூடாது. ஆறு மில்லி பிட்டில் ஒன்றரை அங்குலம் துளைச்சு, ரால் பிளக் செருகி, கொக்கியை முறுக்கணும். துளைக்கும்போது பிட் உள்ளே போகாம நின்னால் கம்பியில் முட்டியிருக்கு. ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்க. சிமெண்ட் ஷீட் கூரையாக இருந்தால் ஷீட்டில் துளையே வேண்டாம். ஷீட் விரிசல் விடும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஷீட்டைத் தாங்குற இரும்புப் பைப்பிலோ மரத்திலோ கயிறு கட்டுங்க.

ஒட்டுற கொக்கி போதாதான்னு கேட்பீங்க. டைல்ஸிலும் ஆயில் பெயிண்டிலும் நிற்கும். சுண்ணாம்பு, டிஸ்டம்பர் அடிச்ச சுவரில் பெயிண்ட் பொடியோடு சேர்ந்து உரிஞ்சு விழும். உரிஞ்ச இடத்துக்கும் அட்வான்ஸில்தான் கை வைப்பாங்க.

2019 பிப்ரவரியிலிருந்து நம்ம மாநிலத்தில் புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கு. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும்னு அது சொல்லுது. அதனால் கொக்கிக்கு வாய்ச்சம்மதம் மட்டும் வாங்காதீங்க. "தளத்தில் ஒரு கொக்கி, காலி செய்யும்போது துளையை அடைத்துத் தருவோம்"னு ஒப்பந்தத்திலே ஒரு வரி சேர்த்துக்கோங்க.

அந்தச் சகோதரிக்கு இது எதுவும் ஒத்துவரலை. கட்டிலோடு சேர்த்துச் சட்டம் போட்டோம். முக்கால் அங்குல பிவிசி பைப், பத்தடி நீளத்தில் நாலு. இரண்டு பைப்பைப் பாதியாக வெட்டினால் ஐந்தடி நிலைக்கால் நாலு கிடைக்கும். மற்ற இரண்டில் ஒவ்வொண்ணிலும் ஆறேகால் அடி நீளப் பைப் ஒண்ணு, மூன்றரை அடி குறுக்குப் பைப் ஒண்ணு. கால் அடிதான் வீண். மூலைக்கு நாலு எல்போ, நிலைக்காலுக்கு நாலு டீ.

நீளப் பைப்பின் இரண்டு முனையிலும் மூணு அங்குலம் வெட்டி, இடையில் டீயைச் செருகி, வெட்டின துண்டு வழியா எல்போவோடு சேர்க்கணும். டீயின் வாய் கீழே பார்க்கணும். அந்த வாயில் நிலைக்கால் போகும். கட்டில் காலுக்கு நேராக டீ வர்ற மாதிரி அந்தத் துண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைச்சுக்கோங்க. நிலைக்கால் தரையில் நிற்கட்டும். கட்டில் காலோடு மேலே ஒரு கட்டு, தரையோரம் ஒரு கட்டு, நைலான் கயிற்றால் இறுக்குங்க. ஒரே கட்டு போட்டால் சட்டம் ஆடும். பசை போடாதீங்க. இறுக்கிச் செருகினாலே நிற்கும். தளர்வா இருந்தால் இன்சுலேஷன் டேப் சுத்துங்க. வீடு மாறும்போது கழட்டிக் கட்டி எடுத்துட்டுப் போகலாம்.

இதில் பலபேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. வலையைச் சட்டத்துக்கு மேலே போர்வை மாதிரிப் போடக் கூடாது. அப்படிப் போட்டால் நிலைக்கால் தடுத்து, வலையை மெத்தைக்கு அடியில் செருக முடியாது. நாடாவால் மேல் பைப்பில் கட்டி, வலை சட்டத்துக்கு உள்பக்கம் தொங்கணும். தொங்குற வலை மெத்தை மட்டத்துக்கும் கீழே ஓரடி மிச்சம் இருக்கணும், அதைத்தான் செருகறோம். வலை உடம்பில் படுற அளவு இறுக்கமா இருந்தால் கொசு வலை வழியாகவே கடிக்கும். அதனால் கட்டிலைவிட அரையடி அகலமான வலையே வாங்குங்க.

ஐந்தடிச் சட்டத்தில், ஒன்றரை அடி உயரக் கட்டில் போக, மெத்தைக்கு மேலே மூணு அடி கிடைக்கும். உட்கார்ந்து பால் கொடுக்கலாம். ஃபேன் மேலேயே சுத்தும். காற்று கொஞ்சம் குறையும், அதை மறைக்க வேண்டாம். தரையில் படுக்கிறவங்களுக்கு இந்தச் சட்டம் பயன்படாது. அவங்களுக்கு அடியிலும் வலை வைத்து மடக்குற கூடார வலைதான் சரி.

கட்டின மறுநாள் காலையில் வலையை அவிழ்க்கும் முன்னே உள்மூலைகளைப் பாருங்க. ரத்தம் குடிச்ச கொசு உட்கார்ந்திருந்தால் எங்கேயோ வழி இருக்குன்னு அர்த்தம். முதலில் செருகின ஓரத்தைப் பாருங்க, அப்புறம் தையல் ஓரத்தை. பெரும்பாலும் கால்மாட்டுப் பக்கம் செருகல் கழன்றிருக்கும். சின்னக் கிழிசலா இருந்தால் அன்னைக்கே ஊசி நூல் எடுத்து மூடிடுங்க.

பைப் வெட்ட ஹேக்சா பிளேடு எங்க குழுவில் இருக்கு. கட்டிலின் நீளம், அகலம், உயரம், சுவரிலிருந்து ஃபேன் இருக்கிற தூரம், இந்த நாலு அளவையும் ஒரு சீட்டில் எழுதிட்டு வாங்க. வெட்டித் தர்றோம்.