தங்கம் பார்க்கும் வட்டி

பணவீக்கம் ஏறினால் தங்கமும் ஏறும் என்பார்கள். அது பாதி உண்மைதான்.

அமெரிக்க அரசின் 10 ஆண்டுப் பத்திர வட்டியிலிருந்து, பணவீக்கத்தோடு இணைத்த பத்திரத்தின் வட்டியைக் கழித்தால் வருவது ‘பிரேக்ஈவன்’. சந்தை எதிர்பார்க்கும் பணவீக்கத்தின் தோராய அளவு அது.

2020 ஆகஸ்டில் சாதாரண வட்டி சுமார் 0.5 சதவீதம், இணைப்புப் பத்திரத்தில் மைனஸ் 1. பிரேக்ஈவன் ஒன்றரைதான். ஆனாலும் தங்கம் அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டியது. 2022 ஏப்ரலில் பிரேக்ஈவன் 3 சதவீதத்தைத் தொட்டது. தங்கமோ 2,000க்குக் கீழே!

காரணம், சாதாரண வட்டி பிரேக்ஈவனைவிட வேகமாக ஏறி, பணவீக்கம் போக மிஞ்சும் மெய்வட்டியையும் பூஜ்யத்துக்கு அருகே உயர்த்திவிட்டது. வட்டியே தராத தங்கத்துக்குப் போட்டி அதுதான். பிரேக்ஈவன் ஏறி, சாதாரண வட்டி அசையாதிருந்தால்தான் தங்கத்துக்குக் கொண்டாட்டம்.

ஆனால் 2022க்குப் பிறகு மத்திய வங்கிகள் தங்கத்தை வாங்கிக் குவித்ததால், இந்தக் கணக்கும் தளர்ந்துவிட்டது.