கையெழுத்துக்குப் பிறகு என்ன?
(காணிப் பிணக்குகள் பற்றிய விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீங்கள் ஊர் திரும்பியபோது உங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது என்று வையுங்கள். உறுதி உங்கள் பெயரில் இருக்கிறது. கூரையைத் திருத்திய செலவு அவர்களுடையது. வழக்குப் போடாமல் இதைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது நேரடிப் பேச்சுவார்த்தை. நீங்களும் அவர்களும் மட்டும் பேசுவது. இரண்டாவது இணக்குவிப்பு. இருவரும் மதிக்கும் ஒருவர், "கூரைச் செலவில் பாதியைக் கொடுங்கள், ஆறு மாதத்தில் வெளியேறுங்கள்" என்று தீர்வொன்றை முன்வைப்பார். மூன்றாவது மத்தியஸ்தம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபை இருவரையும் அழைத்துப் பேசவைக்கும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது. சபை தீர்ப்பும் வழங்காது. அரச திணைக்களமோ படையினரோ உங்கள் காணியை வைத்திருந்தால் அது இந்தச் சபைக்குரிய விடயமல்ல.

சரி, ஆறு மாதம் கழிந்தும் அவர்கள் போகவில்லை. அப்போது என்ன செய்வது?

முன்பிருந்த இணக்க சபையில் செய்த இணக்கம் நீதிமன்றத்தில் பதியப்பட்டதும் கட்டளையாகிவிடும். மூத்தவர்கள் பலர் இன்றும் அந்த எண்ணத்தில் இருக்கிறார்கள். ஆனால் மத்தியஸ்த சபையில் நீங்களாகப் போய்ச் செய்யும் இணக்கத்தைக் காட்டி ஆளை வெளியேற்ற முடியாது. மீறலைச் சபைக்கு அறிவியுங்கள். மீண்டும் பேசியும் சரிவராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு வழக்குத் தொடரலாம். வழக்கு ஏற்கெனவே நடந்தால் நிலைமை வேறு. அங்கே எட்டிய இணக்கத்தை நீதிபதி முன் பதியச் சொல்லுங்கள். அது கட்டளையாகும், மீறினால் நீதிமன்றமே நிறைவேற்றித்தரும்.

அப்படியானால் சபையில் எழுதும் இணக்கம் வீணா? இல்லை, அதில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "வீடு இன்னாருடையது, அவருடைய அனுமதியுடனேயே நான் இருக்கிறேன், இன்ன திகதிக்குள் வெளியேறுவேன்" என்று அவர் கையொப்பமிட்டால், பத்து வருட ஆட்சியைக் காட்டிப் பின்னர் உரிமை கோருவது அவருக்குக் கடினமாகும். கூரைச் செலவு 80,000 ரூபா என்று இணங்கினால் முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். பாதியை இப்போதும், மீதியைத் திறப்பு கைமாறும் நாளிலும் கொடுப்பதாக எழுதுங்கள். அவர் வெளியேறுவதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

வளவின் ஒரு துண்டை அவருக்கே கொடுக்க இணங்கினால் சபையின் கடதாசி போதாது. நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளுடன் உறுதி முடிக்க வேண்டும். அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும். அது இல்லாத கைமாற்றம் செல்லாது.

கையொப்பமிட முன் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோங்கள்.