அரை சதவீதம் எவ்வளவு?



வீட்டுக் கடன் 20 லட்சம் ரூபாய். காலம் 20 ஆண்டு. வட்டி 8.5 சதவீதத்திலிருந்து 9 ஆனால் கூடுதல் வட்டி எவ்வளவு? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “ஆண்டுக்கு 10,000, மொத்தம் 2 லட்சம்” என்று சட்டென விடை வரும். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதை அந்த விடை மறந்துவிடுகிறது.

கணினி விரிதாளில் இப்படி இடுங்கள்:

```
=PMT(8.5%/12,240,-2000000)
```

மாதத் தவணை ரூ.17,356 எனக் கிடைக்கும். 9 சதவீதத்துக்கு ரூ.17,995. மாதம் ரூ.639 வீதம் 240 மாதங்களுக்குக் கூடுதல் வட்டி சுமார் ரூ.1.53 லட்சம்தான்.

இனி அடுத்த கேள்வி. மாறும் வட்டிக் கடனில், தொடக்கத்திலேயே வட்டி 9 சதவீதமாகிறது. தவணையோ பழைய ரூ.17,356 ஆகவே இருக்கிறது. அப்போது என்ன ஆகும்?

```
=NPER(9%/12,-17356,2000000)
```

விடை 267 மாதங்களுக்குச் சற்று அதிகம். கடன் இரண்டே கால் ஆண்டு நீள்கிறது. கூடுதல் வட்டி சுமார் ரூ.4.7 லட்சம். அதே அரை சதவீதம், மூன்று மடங்குச் சுமை!

தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடனாளிக்குத் தர வேண்டுமென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. நம் மாணவர்கள் இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.