முப்பது விநாடி ஆடித் தள்ளுபடி

நம்ம இளையாத்தங்குடியில் சாயங்காலம் சீரியல் இடைவேளையில் ஒரு விளம்பரம் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். "தலை ஆடிக்கு மாப்பிள்ளை வந்தாச்சு, வேட்டி எங்கே?" என்று மாமியார் பதறுகிறார். நம்மை நிமிர்ந்து பார்க்க வைக்கும் தூண்டில் அது. அதற்கு 5 விநாடிதான்.

தொலைக்காட்சியில் விளம்பர நேரத்தை 10 விநாடிக் கணக்கில் விற்கிறார்கள். 30 விநாடி என்றால் மூன்று பங்குக் காசு. நிதானமாகப் பேசினால் அதற்குள் அறுபது சொல்தான் அடங்கும். அதனால் விலையில் ஒன்றிரண்டை மட்டும் சொல்லிவிட்டு, "ஆடி வந்தாச்சு, அள்ளிட்டுப் போலாம்!" என்று மெட்டோடு கடைப் பெயரைப் பாடி முடிப்பார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது விலையைத்தான். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது பாதி விலை அல்ல. 600 ரூபாய்ச் சேலை மூன்றுக்கு 1,200 ரூபாய். தள்ளுபடி மூன்றில் ஒரு பங்குதான். "50 சதவீதம் வரை" என்றால், அந்த "வரை"யில் 5 சதவீதமும் அடங்கும்.

திரையின் அடியில் ஓடும் பொடி எழுத்தையும் படியுங்கள். விளம்பரம் எந்த மொழியில் சொல்கிறதோ, நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2022 விதி. தமிழில் கூவிவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் போட்டால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.