செவ்வாய்க்கிழமைப் பிரதி
(பள்ளித் தொகுப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மதிப்பெண் கோப்பைக் கணினியில் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். அதைத் தினமும் தானாகப் பிரதி எடுக்கும் ஏற்பாட்டைச் சிலர் செய்திருக்கிறோம். அந்தப் பிரதிகளில் எதை, எப்போது, எப்படி நம்புவது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எங்கள் பள்ளியில் உள்ள ஏற்பாடு இரண்டே வரிகள்தான்.

```
$d = (Get-Date).DayOfWeek
Copy-Item D:\Marks\9A.xlsx "D:\Backup\9A-$d.xlsx"
```

விண்டோஸில் உள்ள Task Scheduler இதைத் தினமும் மாலை 4.30க்கு இயக்கும். திங்களன்று 9A-Monday.xlsx, செவ்வாயன்று 9A-Tuesday.xlsx என்று கோப்புகள் உருவாகும். அடுத்த திங்கள் வந்ததும் புதிய பிரதி பழைய திங்கள் பிரதியின் மேலேயே எழுதப்படும். ஆகவே எத்தனை மாதம் போனாலும் ஏழு கோப்புகளுக்கு மேல் சேராது. வகுப்பறையின் வாரக் கால அட்டவணை போல, இடம் அதேதான், உள்ளே இருப்பது மட்டும் மாறும்.

இந்த ஏற்பாட்டுக்குக் கண் கிடையாது. மூலக் கோப்பு நன்றாக இருக்கிறதா, சிதைந்துவிட்டதா என்று அது பார்ப்பதில்லை. இருப்பதை அப்படியே நகல் எடுத்துவிடும்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். சக ஆசிரியை ஒருவர் புதன்கிழமை மாலை 3.50க்கு ஒன்பதாம் வகுப்பின் வளரறி மதிப்பீட்டு மதிப்பெண்களைச் சேமித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. யு.பி.எஸ். கிடையாது. கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது, கணினியையும் யாரோ போட்டுவிட்டார்கள். 4.30க்குப் பிரதி வழக்கம்போல் எடுக்கப்பட்டது. வியாழன் காலை கோப்பைத் திறந்தால், கோப்பின் வடிவம் செல்லாது என்று எக்செல் சொல்கிறது. புதன் பிரதியும் அதையே சொல்கிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம்.

அவர் முதலில் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. Task Scheduler-இல் அந்தப் பணியை Disable செய்தார். பிறகு Backup உறையை முழுவதுமாகப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டார். சிதைந்த கோப்பை யாரும் கவனிக்காமல் விட்டால், கணினி தினமும் ஓடும் ஒரு வாரத்தில் ஏழு பிரதிகளும் சிதைந்தவையாகிவிடும். தேர்வுக்கு முந்தைய விடுமுறைகளில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, எந்தப் பிரதி நல்லது என்று கண்டுபிடிப்பது. அளவைப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அன்று செவ்வாய்ப் பிரதியும் 61 கேபி, புதன் பிரதியும் 61 கேபி. மின்வெட்டில் கோப்பின் அளவு மட்டும் பதிவாகி, உள்ளே எழுத வேண்டிய இடம் வெறும் பூஜ்யங்களாக நின்றுவிடுவது உண்டு. எக்செல் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொட்டலம். ஆகவே 7-Zip நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி Test archive கொடுக்கலாம். நல்ல கோப்பென்றால் There are no errors என்று வரும். புதன் பிரதியைத் திறக்கவே முடியவில்லை என்றது. செவ்வாய்ப் பிரதி தேறியது.

புதியதிலிருந்து பின்னோக்கிப் போய், முதலில் தேறும் பிரதியை எடுக்க வேண்டும். எது புதியது என்பதற்குக் கிழமைப் பெயரை நம்பாதீர்கள். Date modified-ஐப் பாருங்கள். சனிக்கிழமைகளில் கணினியைப் போடாத பள்ளியில் 9A-Saturday.xlsx இரண்டு மாதப் பழசாக இருக்கலாம். நகல் எடுக்கும்போது மூலக் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் அப்படியே உடன் வருகிறது. செவ்வாய்ப் பிரதியில் அது அந்த வாரத்துச் செவ்வாய் மாலை 4.12 என்று இருந்தது.

பிரதியை அந்த உறையிலேயே திறந்து வேலை செய்யக் கூடாது. அதை வேறு உறைக்கு நகல் எடுத்து, வேறு பெயர் கொடுத்து, பிறகு திறக்க வேண்டும். திறந்ததும் மாணவர் எண்ணிக்கையையும் கடைசியாகப் பதிந்த பாடத்தையும் பார்க்க வேண்டும். ஒருவர் தவறுதலாகப் பத்து வரிகளை அழித்துச் சேமித்திருந்தாலும் 7-Zip சோதனையில் அது தேறிவிடும். பொட்டலம் சரியாகக் கட்டியிருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது, உள்ளே என்ன குறைந்தது என்று அதற்குத் தெரியாது.

அன்று செவ்வாய்ப் பிரதியில் எல்லாம் இருந்தன. புதனன்று பதிந்த சமூக அறிவியல் மட்டும் இல்லை. 38 பேருடைய விடைத்தாள்களும் அலமாரியில் இருந்ததால் முக்கால் மணி நேரத்தில் மறுபடி பதிந்துவிட்டார். அந்தக் கோப்பை 9A.xlsx என்று பழைய இடத்தில் வைத்து, சோதித்து, அதன் பிறகே பணியை மீண்டும் Enable செய்தார்.

இதில் ஒரு குறை உண்டு. ஏழு பிரதிகளும் மூலமும் ஒரே வன்தட்டில் இருக்கின்றன. அது போனால் எட்டும் போகும். எனவே வெள்ளிதோறும், சோதனையில் தேறிய ஒரு பிரதியைத் தேதியிட்ட பெயரில் பென் டிரைவுக்கு மாற்றுகிறோம். அதன் மேல் எதையும் எழுதுவதில்லை. பென் டிரைவைக் கணினியிலிருந்து கழற்றி, தலைமையாசிரியர் அறைப் பீரோவில் வைத்துவிடுகிறோம்.